வாடகையை வாங்க மறுத்தால் காசை வீட்டில் வைத்திருக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகைக் கடை நடத்துபவர்களும் பொறுமையாக வாசியுங்கள். வீட்டையோ கடையையோ வாடகைக்குக் கொடுத்தவர்களும் வாசியுங்கள். உங்களுக்கும் இதில் விசயம் இருக்கிறது.

ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எங்களிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்க வருபவர்களை விட, கடிதம் எழுதித் தரச் சொல்லி வருபவர்கள்தான் அதிகம். அதில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்று இது: "சேர், வீட்டுக்காரர் வாடகையை வாங்க மாட்டேன் என்கிறார். நாங்கள் கொடுக்காமல் இருக்கவில்லை. அவர்தான் வாங்கவில்லை. இது எங்கள் பிழையா?"

பிழை இல்லை. ஆனால் வழக்கு என்று வந்தால், "நாங்கள் கொடுத்தோம், அவர் வாங்கவில்லை" என்று வாயால் சொல்வது போதாது. கொடுக்கப் போனதற்கு எழுத்தில் அத்தாட்சி வேண்டும். அதை மாதாமாதம் எப்படி உண்டாக்குவது, காசை எங்கே கட்டுவது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், வாங்க மறுப்பது ஏன் என்று விளங்கிக்கொள்வோம். கையில் வருகிற காசை ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, வாடகையைக் கூட்டிக் கேட்கிறார், அல்லது எழும்பச் சொல்கிறார். பழைய தொகையை வாங்கினால் அதற்குச் சம்மதித்ததாகிவிடும் என்று நினைக்கிறார். இரண்டு, எழும்பச் சொல்லி ஏற்கெனவே அறிவித்தல் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வாடகை வாங்கினால், வாடகை உறவைத் திரும்பத் தொடக்கியதாக நீதிமன்றத்தில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பயம் முழுவதும் அர்த்தமில்லாதது அல்ல. சட்டத்தரணிகளே அப்படிச் சொல்லி அனுப்புவதுண்டு. ஆகவே மறுக்கிறவர் எல்லோரையும் கெட்டவர் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் மறுப்பின் விளைவு குடியிருப்பவரின் தலையில்தான் விழும். மூன்று நான்கு மாதம் கழிந்த பின் அதே மறுப்பு "வாடகை நிலுவை" என்ற பெயரில் வழக்காக வந்து நிற்கும். இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள் என்பதுதான் அப்போது கேள்வி.

"அப்படியென்றால் கோட்டில் கட்டிவிடலாமே" என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வார்கள். இந்தப் பேச்சில் உண்மையும் இருக்கிறது, ஆளைக் குழியில் தள்ளுகிற பாதி உண்மையும் இருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் பக்கத்து நாட்டில், தமிழ்நாட்டில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2019இல் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. பழைய சட்டத்தின் 8ஆம் பிரிவு, உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் என்ன செய்வது என்று படிப்படியாகச் சொன்னது. முதற்படி, எந்த வங்கியில் போட வேண்டும் என்று 10 நாட்களுக்குள் சொல்லும்படி உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுப்பது. அவர் வங்கியைச் சொன்னால் அங்கே போட்டுவிடலாம். சொல்லாவிட்டால் அடுத்த படி, தபாலில் காசுக்கட்டளையாக அனுப்புவது. அதையும் அவர் திருப்பி அனுப்பினால்தான் கடைசிப் படி, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் காசைக் கட்டுவது. உரிமையாளர் வாங்கச் சம்மதிக்கும் வரை அங்கேயே கட்டிக்கொண்டு போகலாம்.

இப்படி ஒரு வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய் 2002இல் முடிந்தது. உரிமையாளர் வாங்க மறுத்தார். குடியிருந்தவர் இடைப்பட்ட படிகளை விட்டுவிட்டு நேரே போய்க் காசைக் கட்டினார். காசைத்தான் கட்டிவிட்டாரே, கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்று அவர் தரப்பில் கேட்கப்பட்டது. நீதிமன்றம் இணங்கவில்லை. உரிமையாளர் மறுத்தார் என்பது மட்டும் போதாது, சட்டம் சொன்ன முந்திய படிகளைக் கடந்த பிறகே கடைசிப் படிக்கு வரலாம், சலுகை வேண்டுமென்றால் அதற்கான நிபந்தனையை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்று சொன்னது. காசு கொடுக்க மனமும் இருந்தது, காசும் இருந்தது, கட்டியும் இருந்தார். கட்டிய ஒழுங்கு பிழைத்ததால் தோற்றார்.

இந்தியத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எந்தக் கதவு முதலில், எந்தக் கதவு பிறகு என்று தெரியாமல் போகக் கூடாது என்ற பாடம் எங்களுக்கும் பொருந்தும். ஏனென்றால் எங்கள் நாட்டில் கதவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

இலங்கையில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவின்படி, குடியிருப்பவர் வாடகையை உரிமையாளருக்குப் பதிலாக "அதிகாரமளிக்கப்பட்ட ஆளிடம்" கட்டலாம். இந்த ஆள் இருப்பது நீதிமன்றத்தில் இல்லை, உள்ளூராட்சி சபையில். கொழும்பில் பழைய வாடகை வழக்குகளைப் பார்த்தால் "வாடகை மாநகர சபையில் கட்டப்பட்டது" என்று வருவது இதனால்தான். சபை பற்றுச்சீட்டுத் தரும். காசு உரிமையாளருக்குப் போய்ச் சேர வேண்டியது. நீங்கள் கட்டியது அவருக்கே கட்டியதாகக் கணக்கில் எடுக்கப்படும். ஆகவே இந்தச் சட்டத்துக்குள் வருகிற கட்டடம் என்றால், உரிமையாளர் மறுத்த அதே மாதம், மாதம் முடிவதற்குள் சபைக்குப் போக வேண்டும். வழக்கு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு நிலுவையைப் பற்றிச் சொல்கிறது. குடியிருக்கும் வீட்டு வாடகை மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் நிலுவையானால் உரிமையாளர் வழக்குப் போட அது ஒரு காரணம். ஆனால் முதல் தடவை நிலுவை என்றால் மூன்று மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். வழக்குத் தொடுப்பதற்கு முன் குடியிருப்பவர் நிலுவை முழுவதையும் கொடுக்க முன்வந்திருந்தால், அந்தக் காரணத்தில் வழக்குப் போட முடியாது. இதில் "முழுவதையும்", "வழக்குக்கு முன்" என்ற இரண்டும் முக்கியம். கடைகளுக்குச் சட்டம் இவ்வளவு தாராளம் காட்டவில்லை.

இதை வாசித்துவிட்டு நாளைக்கே சபைக்கு ஓடாதீர்கள். இந்தச் சட்டம் எல்லா இடத்துக்கும், எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தாது. அடிப்படையில் நகரப் பகுதிகளை மனதில் வைத்து வந்த சட்டம் இது. வவுனியா நகரத்தில் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்க நியாயம் உண்டு. கரைச்சி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு போன்ற பிரதேச சபைப் பகுதிகளில் இருப்பவர்கள் தங்கள் இடத்தில் இந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். அதோடு 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள் பிற்காலத்தில் வாடகைக்கு விடப்பட்ட ஏராளமான கட்டடங்களை இதன் பாதுகாப்புக்கு வெளியே கொண்டுபோய்விட்டன. யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு கட்டப்பட்டு, அதன் பின் வாடகைக்கு விடப்பட்டவைதான் எங்கள் பகுதியில் அதிகம். ஆகவே இதை வாசிக்கிற பலர் இந்தச் சட்டத்துக்கு வெளியேதான் இருப்பார்கள். கட்டடம் எப்போது கட்டப்பட்டது, முதன்முதல் எப்போது வாடகைக்கு விடப்பட்டது, வீடா கடையா, எந்தச் சபை எல்லை என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சட்டத்தரணியிடம் போனால், உங்கள் கட்டடம் சட்டத்துக்குள் வருகிறதா என்று அவர் சொல்வார்.

சட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு உடன்படிக்கையும் பொதுச் சட்டமும்தான். மாத வாடகை என்றால் பொதுவாக ஒரு மாத அறிவித்தலில் முடித்துவிடலாம். அதைத் தடுக்க முடியாது. ஆனால் முறையாக அறிவித்து எழுப்புவது வேறு, "வாடகை தராதவர்" என்று பெயர் சூட்டி, நிலுவையும் நட்டமும் கேட்டு, முற்பணத்தையும் கழித்துக்கொண்டு எழுப்புவது வேறு. இரண்டாவதைத்தான் நாங்கள் தடுக்கப் பார்க்கிறோம்.

இங்கே நேரே நீதிமன்றத்துக்குப் போனால் வேலை நடக்காது. வழக்கு எதுவும் இல்லாமல் மாதாமாதம் வாடகையை வாங்கி வைக்க மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு கரும பீடம் திறந்திருக்கவில்லை. நீதிமன்றத்தில் காசு கட்டுவதென்றால் ஒரு வழக்கு இலக்கம் வேண்டும், அந்த வழக்கின் கணக்கில்தான் அது சேரும். ஆகவே வழக்கு வரும் வரை உங்கள் பாதுகாப்பு, கொடுக்க முன்வந்ததற்கான அத்தாட்சிதான்.

அது எப்படி என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கற்பனை உதாரணம்தான், ஆனால் எங்களிடம் வருகிற கதைகள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஒருவர் வாடகைக் கடை ஒன்றில் தையல் கடை நடத்துகிறார். மாத வாடகை 25,000 ரூபா. ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்கு முன் கொடுக்க வேண்டும். முற்பணம் 150,000 ரூபா கொடுத்திருக்கிறார். உரிமையாளர் 40,000 கேட்கிறார், இல்லாவிட்டால் எழும்பச் சொல்கிறார். மார்ச் 4ஆம் திகதி கொண்டுபோன 25,000ஐ வாங்கவில்லை.

அன்றைக்கே அவர் செய்ய வேண்டியது ஒரு கடிதம் எழுதுவது. தமிழிலேயே எழுதலாம், எங்கள் பகுதி நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான். கோபமும் கதையும் வேண்டாம். நான்கு வரி போதும்: "மேற்படி கடையின் மார்ச் மாத வாடகை 25,000 ரூபாவை 4ஆம் திகதி உங்களிடம் கொண்டுவந்து தந்தேன். நீங்கள் பெற்றுக்கொள்ளவில்லை. அத்தொகையை எந்நேரமும் செலுத்தத் தயாராக இருக்கிறேன். வைப்பிலிட வேண்டிய வங்கிக் கணக்கு இலக்கத்தை அறியத் தாருங்கள்." திகதி, கையொப்பம், கடையின் முகவரி. பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி அட்டையும் சேர்த்து. பிரதி ஒன்றையும் தபால் பற்றுச்சீட்டையும் ஒரு கோப்பில் போட வேண்டும்.

உரிமையாளர் கடிதத்தையும் ஏற்காமல் திருப்பி அனுப்பினால் பலர் செய்கிற தவறு, அதைத் திறந்து பார்ப்பது. திறக்காதீர்கள். தபால் கந்தோரின் குறிப்போடு மூடியபடி திரும்பி வந்த கடிதம் நல்ல சாட்சி. அப்படியே கோப்பில் வையுங்கள்.

உரிமையாளரின் வங்கிக் கணக்கு முன்பே தெரியும், அதில் முன்பு வாடகை போட்டிருக்கிறீர்கள் என்றால், கடிதத்தோடு காசையும் அதே கணக்கில் போட்டுவிடுங்கள். வைப்புச் சீட்டில் "மார்ச் வாடகை" என்று மாதத்தைக் குறிப்பிடுங்கள். கணக்கு தெரியாவிட்டால் தபாலில் காசுக்கட்டளையாக அனுப்பலாம். திரும்பி வந்தால் அந்தத் தாளும் சாட்சிதான். கடை வாடகைச் சட்டத்துக்குள் வருகிறது என்று சட்டத்தரணி சொன்னால், மார்ச் 31க்கு முன் சபையில் கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்க வேண்டும்.

ஏப்ரல் வந்தால் திரும்பவும் அதே வேலை. மே மாதமும் அதே. "மார்ச்சில் மறுத்துவிட்டார்தானே, இனி எதற்கு" என்று விடக் கூடாது. ஒவ்வொரு மாத வாடகையும் தனித்தனிக் கடன், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அத்தாட்சி வேண்டும். மூன்று மாதத்துக்கு மூன்று கடிதம், மூன்று தபால் பற்றுச்சீட்டு.

இந்தத் தையல் கடைக்காரர் வழுக்கக்கூடிய இடங்கள் நான்கு.

முதலாவது, குறைத்துக் கொடுப்பது. கூரைத் தகடு மாற்ற 6,000 செலவழித்தேன், அதைக் கழித்து 19,000 தருகிறேன் என்றால், உரிமையாளர் மறுப்பதற்கு நியாயமான காரணத்தை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். எழுத்தில் சம்மதம் இல்லாமல் ஒரு சதமும் கழிக்காதீர்கள். முழு வாடகையையும் கொடுங்கள், திருத்தச் செலவைத் தனியாகக் கேளுங்கள். அதேபோல், உடன்படிக்கையில் ஆண்டுக்கு இவ்வளவு கூடும் என்று எழுதியிருந்தால் கூடிய தொகைதான் வாடகை. அப்படி எதுவும் எழுதியிராவிட்டால், கேட்கிற 40,000 இன்னும் வாடகை ஆகவில்லை. ஒத்துக்கொண்ட 25,000ஐத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, முற்பணத்தில் கழியுங்கள் என்று சொல்லிவிட்டு இருப்பது. 150,000 இருக்கிறதே, ஆறு மாத வாடகை அவரிடமே இருக்கிறதே என்று மனம் சொல்லும். உடன்படிக்கை அப்படிச் சொல்லாவிட்டால் முற்பணம் வாடகை அல்ல, கடையை ஒப்படைக்கும்போது கணக்குப் பார்க்கிற காசு. ஆறு மாதம் கொடுக்காமல் இருந்தால் ஆறு மாத நிலுவை என்றே வழக்கில் எழுதுவார்கள்.

மூன்றாவது, காசைத் தன் பெயரிலேயே தனி வங்கிக் கணக்கில் சேர்த்து வைப்பது. நல்ல எண்ணம்தான். கையில் காசு இருந்தது, கொடுக்கத் தயாராக இருந்தார் என்று காட்ட உதவும். ஆனால் உங்கள் கணக்கில் இருக்கிற காசு இன்னும் உங்கள் காசுதான், கொடுத்ததாக ஆகாது. கடிதமும் இருந்து கணக்கும் இருந்தால்தான் பலம். கணக்கு மட்டும் இருந்தால் பலமில்லை.

நான்காவது, பொலிஸ் முறைப்பாட்டோடு நின்றுவிடுவது. நாங்கள் பார்த்தவரை பலர் முதலில் போகிற இடம் பொலிஸ். சண்டை, பூட்டுடைப்பு, மிரட்டல் என்றால் போகத்தான் வேண்டும். உரிமையாளர் பலவந்தமாகப் பூட்டுப் போட்டு வெளியேற்றினால் அதற்குத் தனி வழி இருக்கிறது, அதில் கால எல்லையும் இருக்கிறது, உடனே சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். ஆனால் வாடகை கொடுக்க முன்வந்ததற்குப் பொலிஸ் புத்தகத்தில் இருக்கிற ஒரு வரி, மாதாமாதக் கடிதத்துக்குப் பதிலாகாது.

இப்போது வழக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் வழக்கு இலக்கம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் "கோட்டில் கட்டுவது" உண்மையாகப் பொருந்துகிறது. கடன் கேட்டு வருகிற வழக்கில் எதிராளி தான் கொடுக்க வேண்டியது என்று நினைக்கிற தொகையை நீதிமன்றத்தில் வைப்பிலிட எங்கள் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையே இடம் தருகிறது. உங்கள் சட்டத்தரணி மூலம் அந்த வழக்கின் கணக்கில் நிலுவை முழுவதையும் கட்டி, வழக்கு நடக்கும் காலத்து மாத வாடகையையும் தொடர்ந்து கட்ட அனுமதி கேட்கலாம். முன்பு அனுப்பிய கடிதங்களும் இதுவும் சேர்ந்தால், "இவர் கொடுக்க மறுத்தவர்" என்ற கதை நிற்காது.

எழுத்தில் குத்தகை உடன்படிக்கை செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குத்தகைக்கு விட்ட இடத்தைத் திரும்பப் பெறுவதை விரைவாக்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. இதில் உரிமையாளர் தன் ஆவணங்களைக் காட்டியதும் நீதிமன்றம் முதலிலேயே ஒரு நிபந்தனைக் கட்டளையை இடலாம். குத்தகைக்காரர் வந்து, தன் தரப்பைச் சொல்ல அனுமதி கேட்டு, காரணம் காட்ட வேண்டும். பழைய வழக்குகளைப் போல ஆண்டுக்கணக்கில் இழுத்து, இடையில் தாள் தேடிக்கொள்ள நேரம் கிடைக்காது. கோப்பு முதல் நாளிலேயே கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு நிலைமை எங்கள் வன்னியில் மற்ற இடங்களை விட அதிகம். உரிமையாளர் மௌத்தாகிவிட்டார் அல்லது வெளிநாட்டில் இருக்கிறார். ஒரு மகன் இங்கே வந்து வாடகை கேட்கிறார். கனடாவிலிருந்து மகள் தொலைபேசியில் "தம்பிக்குக் கொடுக்க வேண்டாம், எனக்கு அனுப்புங்கள்" என்கிறார். இன்னொருவர் வந்து காணியை வாங்கிவிட்டேன், இனி எனக்குத்தான் என்கிறார். இங்கே யாரும் வாடகையை மறுக்கவில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். பிழையான ஆளுக்குக் கொடுத்தால் திரும்பவும் கொடுக்க வேண்டி வரலாம். பயந்து யாருக்கும் கொடுக்காமல் விட்டால் நிலுவை.

இதற்குச் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது, அது நீதிமன்றத்துக்கே போகிறது. ஒரே காசை இரண்டு பேர் ஒருவருக்கு எதிராக ஒருவர் உரிமை கோரும்போது, அந்தக் காசில் தனக்கு உரிமை எதுவும் கோராதவர் அந்த இருவரையும் எதிராளிகளாக்கி வழக்குத் தொடுத்து, காசை நீதிமன்றத்தில் ஒப்படைத்து, "உரியவர் யார் என்று நீங்களே தீர்மானியுங்கள்" என்று கேட்கலாம். வாடகைக்காரருக்கு இதில் ஒரு எல்லை இருக்கிறது. போட்டி போடுபவர்கள் உங்களுக்கு வாடகைக்கு விட்டவரின் வழியாக உரிமை கோருபவர்களாக இருக்க வேண்டும், அதாவது அவருடைய வாரிசுகள், அவரிடம் வாங்கியவர் போன்றவர்கள். எங்கிருந்தோ வந்து "காணியே என்னுடையது" என்று சொல்கிற மூன்றாம் ஆளுக்காக உங்களுக்கு வாடகைக்கு விட்டவரை இப்படி நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. வழக்கு என்பதால் செலவும் உண்டு. ஆகவே முதலில் எல்லோருக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: "வாடகை தயாராக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் ஒரே ஆளை எழுத்தில் நியமித்துத் தந்தால் அவருக்குச் செலுத்துகிறேன்." பல குடும்பங்களில் இந்தக் கடிதமே அவர்களை ஒரு மேசையில் இருத்திவிடும். இருத்தாவிட்டால், நீங்கள் ஒளிக்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இப்போது உரிமையாளர்களுக்கு. உங்கள் கட்டடம், உங்கள் உரிமை. எழுப்ப வேண்டுமென்றால் முறையாக அறிவித்தல் கொடுத்து எழுப்புங்கள். அறிவித்தலுக்குப் பிறகு வருகிற காசை வாங்கினால் உரிமை போய்விடும் என்று பயந்தால், "அறிவித்தலுக்குப் பங்கமின்றி, இடத்தைப் பாவித்ததற்கான நட்டஈடாகப் பெற்றுக்கொள்கிறேன்" என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கலாம். சட்டத்தரணியிடம் ஒரு தடவை அந்த வசனத்தைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். காசும் வரும், உரிமையும் இருக்கும். வாங்க மறுத்து நிலுவையை வளர்த்து, அந்த நிலுவையையே காரணம் காட்டுவது சட்டத்திலும் எடுபடாமல் போகலாம். மனச்சாட்சிக்கும் அது சரியில்லை. ஒருவரைக் கடன் அடைக்க விடாமல் தடுத்துவிட்டுக் கடன்காரர் என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

சபைகளிடமும் ஒன்று கேட்கிறோம். வாடகைச் சட்டத்தின் கீழ் வாடகையைப் பெற அதிகாரமளிக்கப்பட்டவர் யார், எந்தக் கிளையில் இருக்கிறார், எந்த நேரத்தில் காசு வாங்குவார், எந்தப் பகுதிகளுக்குச் சட்டம் பொருந்தும் என்று ஒரு அறிவித்தலைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். யாரும் அதிகாரமளிக்கப்படவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். கந்தோர் கந்தோராக அலைகிற நாட்களில்தான் மாதம் முடிந்துவிடுகிறது. எங்கள் வட்டாரத்து உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்டால், அது வாடகைக்காரருக்கும் உரிமையாளருக்கும் உதவும்.

கடைசியாக, வாடகைக்கு இருக்கிறவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை. பிரச்சினை எதுவும் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். ஒரு கோப்பு வாங்குங்கள். உடன்படிக்கை இருந்தால் அதன் பிரதி, முற்பணத்துக்கான தாள், இதுவரை கொடுத்த வாடகைப் பற்றுச்சீட்டுகள், வங்கிச் சீட்டுகள் எல்லாவற்றையும் மாத வரிசையில் போடுங்கள். பற்றுச்சீட்டுத் தராத உரிமையாளர் என்றால் இந்த மாதத்திலிருந்து வங்கியில் போடலாமா என்று அன்பாகக் கேளுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். உறவு கெட்ட பிறகு கேட்டால் சந்தேகப்படுவார்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேளுங்கள். போகும்போது அந்தக் கோப்பையும் கொண்டுபோங்கள். வாடகை மறுக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாமல் போனால் செய்யக்கூடியது நிறைய இருக்கும். அழைப்பாணை கைக்கு வந்த பிறகு போனால், கதவுகள் பாதி மூடியிருக்கும்.